கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு

பனீர் பட்டர் மசாலாவைப் புரத உணவு என்று கருதுவோர் பலர். அது பொய்யில்லை என்றாலும், பனீரிலேயே புரதத்தைவிடக் கொழுப்பு சற்று மிகுதி. சூடாக்கிய பாலில் எலுமிச்சைச் சாறோ வேறு அமிலமோ சேரும்போது, பாலின் முதன்மைப் புரதமான கேசீன் வலைபோல் திரண்டு, கொழுப்புத் துளிகளைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. இந்திய உணவுத் தர விதிகளும், நீர் நீங்கலான பனீரில் குறைந்தது பாதியாவது பால்கொழுப்பாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே ஒருவர் பங்கான 80 கிராம் பனீரில் ஏறத்தாழ 14 கிராம் புரதமும் 18 கிராம் கொழுப்பும் இருக்கும்.

கணக்கு மாறுவது கிரேவியில்தான். உணவகச் சமையலில் ஒருவர் பங்குக்கு 15 கிராம் முந்திரி, 30 கிராம் கிரீம், 20 கிராம் வெண்ணெய் சேர்வதாகக் கொண்டால், அவற்றின் கொழுப்பு முறையே 7, 8, 16 கிராம், ஆக மொத்தம் 31 கிராம். புரதமோ முந்திரியின் 3 கிராமும் கிரீமின் ஒரு கிராமுக்கும் குறைந்த அளவுமே. அதாவது பனீர் துண்டுகளைவிட அவற்றைச் சூழ்ந்த குழம்பில்தான் கொழுப்பு மிகுதி.

இதை நாக்கும் கண்ணும் எளிதில் உணர்வதில்லை. எண்ணெய் மிதக்கும் குழம்பைக் கண்டால் ஒதுக்கத் தோன்றும். ஆனால் முந்திரி விழுதின் புரதமும் மாவுப்பொருளும் கொழுப்பை நுண்துளிகளாக நீரோடு பிணைத்து வைப்பதால், கிரேவி பால்போல் வழவழப்பாகவே தெரிகிறது. இவ்வாறு கொழுப்பும் நீரும் பிரியாமல் கலந்து நிற்கும் நிலையைப் பால்மம் என்பர். கிரீமை ஊற்றியபின் நெடுநேரம் கொதிக்கவிட்டால், தக்காளியின் புளிப்பும் வெப்பமும் சேர்ந்து இந்தப் பிணைப்பை உடைக்க, ஓரங்களில் நெய் கசியும். அதுவரை மறைந்திருந்த கொழுப்பு அப்போதுதான் வெளிப்படுகிறது.

இதனுடன் உண்ணும் இரண்டு நானுக்கு 120 கிராம் மைதா என்றால், அது ஏறத்தாழ 12 கிராம் புரதம் தருகிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பால்புரதத்தில் அது நிறைவாக இருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் நான்மீது தடவும் 10 கிராம் வெண்ணெய் மேலும் 8 கிராம் கொழுப்பைச் சேர்க்கிறது. முழு உணவிலும் புரதம் 30 கிராம், கொழுப்பு 57 கிராம். கிராமுக்குப் புரதம் 4 கலோரியும் கொழுப்பு 9 கலோரியும் தருவதால், கொழுப்பிலிருந்து வரும் ஆற்றல் புரதத்தினுடையதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கின்படி, பனீரை முழுவதும் உண்டு கிரேவியில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிடுபவர் இழக்கும் புரதம் 2 கிராம். தவிர்க்கும் கொழுப்போ 15 கிராமுக்கும் மேல்.