கன்னொறுவையில் தோற்கிறவனும் வெல்லலாம்

எங்கள் வரலாற்று வட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து 1638 மார்ச் 28இல் நடந்த கன்னொறுவைப் போரை ஒரு மேசை விளையாட்டாக ஆக்கியிருக்கிறோம். பிரிஸ்டல் போர்டில் கட்டம் போட்ட வரைபடம், அட்டையில் வெட்டிய காய்கள், இரண்டு தாயக்கட்டைகள், அவ்வளவுதான். வரைபடமும் காய்களும் ஒரு மாலையில் முடிந்துவிட்டன. யார் வென்றார் என்று எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் வாரக்கணக்காயிற்று.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். போர்த்துக்கேயத் தளபதி தியோகு த மெலோ படையோடு கண்டிக்கு வந்தபோது நகரம் வெறுமையாய்க் கிடந்தது. எரித்துவிட்டுத் திரும்பினார்கள். பேராதனைக்குப் பக்கத்தில், மகாவலி ஓரத்துக் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கனின் படை அவர்களைச் சுற்றி வளைத்தது. போர்த்துக்கேயரின் கீழ் போரிட்ட உள்நாட்டு வீரர்களான லஸ்கரின்களில் பலர் அரசன் பக்கம் போய்விட்டார்கள். மெலோவும் மாண்டார், தப்பியவர்கள் மிகச் சிலர்.

இதை அப்படியே மேசையில் வைத்தால் என்ன நடக்கும்? "எதிரியை அழித்தவர் வென்றார்" என்ற விதியில் போர்த்துக்கேயரை எடுத்த பிள்ளை மூன்றாம் சுற்றிலேயே, "சேர், நாங்க என்ன செஞ்சாலும் சாகத்தானே?" என்று கேட்கும். போதாததற்கு, போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் இடம் கொடுத்த செனரத் மன்னனின் மகன்தான் இந்த இராஜசிங்கன். எங்கள் வகுப்பில் மற்றப் பக்கத்தை யார் விரும்பி எடுப்பார்கள்? அதற்காகப் போர்த்துக்கேயருக்குக் கூடுதல் படை கொடுத்தால் அது கன்னொறுவையாக இருக்காது. படைபலத்தைத் தொடாமல் வெற்றிக்கான அளவுகோலை மாற்றுவதுதான் வழி.

அன்று போர்த்துக்கேயருக்கு வேண்டியிருந்தது வெற்றியல்ல, உயிரோடு வெளியேறுவது. ஆகவே புள்ளியும் அதற்குத்தான். வரைபடத்தின் மேற்கு ஓரத்தில் பலனைக் கணவாய்ப் பக்கம் போகும் பாதை இருக்கிறது. அதன் வழியே வெளியேறும் ஒவ்வொரு போர்த்துக்கேயக் காய்க்கும் 3 புள்ளி, லஸ்கரின் காய்க்கு 1 புள்ளி. போர்த்துக்கேயக் காய்கள் 6, லஸ்கரின் காய்கள் 12. எல்லாம் தப்பினால் 30.

இதோடு விட்டால் போர்த்துக்கேயர் லஸ்கரின்களைக் கைவிட்டு ஓட்டமெடுப்பார்கள், விளையாட்டு வெறும் ஓட்டப் பந்தயமாகிவிடும். அதனால் இன்னொரு விதி வைத்தோம். கண்டிக் காய்க்கு அடுத்த கட்டத்தில் நிற்கும் லஸ்கரின் காயின் பக்கத்தில் போர்த்துக்கேயக் காய் ஒன்றும் இல்லையென்றால் தாயம் உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் அந்தக் காய் அரசன் பக்கம் போய்விடும். இப்போது விட்டுவிட்டு ஓடினால் முன்னால் பாதையை மறிக்க ஆள் கூடும், கூடவே இருந்தால் நேரம் போகும். விளையாட்டே இந்தத் தத்தளிப்பில்தான் இருக்கிறது.

சரி, எத்தனை புள்ளி எடுத்தால் போர்த்துக்கேயருக்கு வெற்றி? இதை நாங்கள் மனதால் தீர்மானிக்கவில்லை. பத்து ஆட்டம் ஆடவிட்டு, வெளியேறிய புள்ளிகளை ஏறுவரிசையில் எழுதினோம்: 3, 5, 6, 8, 9, 11, 12, 14, 15, 18. நடுவில் 9க்கும் 11க்கும் இடையே கோடு விழுகிறது. எனவே 10 எடுத்தால் போர்த்துக்கேயர் வென்றார், இல்லையேல் கண்டி வென்றது. 6 எடுத்துத் தோற்கும் பிள்ளைகூட மெலோவைவிட நன்றாகச் செய்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்கிறார்கள்தான்!

ஆனால் பத்து ஆட்டம் கொஞ்சம்தான். இருபக்கமும் சரிசமமான விளையாட்டிலும் பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ ஒரே பக்கம் வெல்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தற்செயலாகவே நடக்கும். ஆகவே அடுத்த பத்தில் 7–3 என்று வந்தாலும் உடனே கோட்டை நகர்த்தமாட்டோம். எண்ணிக்கையைவிட எங்களுக்கு உதவுகிற சோதனை வேறு. ஐந்தாம் சுற்றில் ஆட்டத்தை நிறுத்தி, யார் வெல்வார் என்று இருவரையும் தனித்தனியே கடதாசியில் எழுதச் சொல்கிறோம். ஆட்டத்துக்கு ஆட்டம் இருவரும் ஒரே பக்கத்தை எழுதினால் அளவுகோல் சாய்ந்திருக்கிறது.

கடைசிச் சுற்றிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு. பத்தாம் சுற்றோடு முடியும் என்று தெரிந்தால் போர்த்துக்கேயர் எந்த இழப்பையும் பொருட்படுத்தாமல் ஓரத்துக்குப் பாய்வார்கள், அடுத்த சுற்றில் நடக்கப்போவது அவர்களுக்குக் கவலையில்லை. அதனால் ஒன்பதாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்று முடிவிலும் தாயம் உருட்டுகிறோம். 5 அல்லது 6 விழுந்தால் ஆட்டம் அத்தோடு சரி.

நேரம் இருக்கிறவர்கள் பக்கம் மாற்றி இரண்டு தடவை ஆடலாம். போர்த்துக்கேயராக ஆடியபோது யார் அதிக புள்ளியை வெளியே கொண்டுபோனாரோ அவரே வென்றவர், அப்போது 10 என்ற கோடே தேவையில்லை. ஒரு பாடவேளையில் இது முடியாது, விடுமுறைக்குத்தான் சரி.

லஸ்கரின் காயை எந்த நிறத்தில் வெட்டுவது என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. கடைசியில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு என்று ஒட்டிவிட்டார்கள். அரசன் பக்கம் போனதும் காயைத் திருப்பி வைக்க வேண்டியதுதான்.