யா, பஸா நா

புணே ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் ஒரு நடுத்தர விடுதி. ஜூலை மாதம், விடாத மழை. மாலை 3 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடியும் பணிமுறையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்கும் பெண் சாத்தாரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். வயது 23 இருக்கலாம். கண்ணாடிக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் சொல்லவேண்டிய சொற்கள் பயிற்சியின் முதல் வாரத்திலேயே மனப்பாடமாகிவிட்டன. "குட் ஈவினிங், வெல்கம்" என்று தொடங்கி, விருந்தினரின் பெயரை ஒரு முறையேனும் சொல்லி, "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டு, அடையாள அட்டையை வாங்கவேண்டும். தொலைபேசியை மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடவேண்டும்.

விடுதித் தொழிலில் இருப்பவர்களுக்குப் பத்து-ஐந்து விதி என்றால் தெரியும். விருந்தினர் பத்தடித் தொலைவில் வரும்போது அவர் கண்ணைப் பார்த்துப் புன்னகைக்கவேண்டும். ஐந்தடிக்குள் வந்ததும் வாய்திறந்து வரவேற்கவேண்டும். இது நடக்கிறதா என்று அறிய, சாதாரண விருந்தினரைப் போல அறை எடுத்துத் தங்கும் ஒருவரை நிர்வாகம் அனுப்புவதுண்டு. அவர் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும்: புன்னகைத்தாரா, பெயர் சொன்னாரா, நலம் கேட்டாரா. ஆம் அல்லது இல்லை. வருகிறவர்களில் அவர் யார் என்று தெரியாது என்பதனால் வருகிற எல்லோரையும் அவராகவே பாவிக்கவேண்டியிருக்கிறது.

மனப்பாடச் சொல் என்பதனாலேயே இது பொய் என்று தள்ளிவிடுவது எளிது. மொழியியல் படித்தவர்கள் அவ்வளவு விரைவாக அந்த முடிவுக்கு வரமாட்டார்கள். டுரோபிரியாண்ட் தீவுகளில் களப்பணி செய்த மாலினோவ்ஸ்கி, தகவல் எதையும் தராமல் உறவை மட்டும் கட்டும் பேச்சுக்கு 1923இல் ஒரு பெயரே சூட்டினார். நம்மூர்த் தெருவில் "எங்க, கடைத்தெருவுக்கா?" என்று கேட்பவருக்கு விடை தேவையில்லை, "ஆமா, இப்படியே" என்பது விடையும் இல்லை. வீட்டு வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லும் எவரும் அந்தச் சொல்லைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. வரவேற்புச் சொற்கள் எல்லாமே மனப்பாடம்தான். ஆகவே வேறுபாட்டை வேறிடத்தில் தேடவேண்டும்.

அதைத் தேடப் புணேயை விடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. சதாசிவ் பேட், நாராயண் பேட் பகுதிகளின் பழைய கடைகள் வரவேற்பின்மைக்குப் பெயர்பெற்றவை. மதியம் 1 முதல் 4 வரை கடை அடைப்பு. "காய் பாஹிஜே?" என்ற ஒற்றைக் கேள்வி, "என்ன வேண்டும்?" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மணி அடிப்பவருக்கும் வழி கேட்பவருக்கும் வண்டி நிறுத்துபவருக்கும் குத்தலாக எழுதிவைக்கும் அறிவிப்புப் பலகைகளுக்குப் "புணேரி பாட்யா" என்றே பெயர்; மராட்டியில் அது தனியொரு நகைச்சுவை வகையாகிவிட்டது. பு. ல. தேஷ்பாண்டே மும்பைக்காரர், புணேக்காரர், நாக்பூர்க்காரர் மூவரையும் ஒப்பிட்டு நிகழ்த்திய புகழ்பெற்ற தனியுரையில் வாடிக்கையாளரைப் பொருட்படுத்தாத புணேக் கடைக்காரருக்குத் தனியிடம் உண்டு. பாகர்வடிக்குப் பெயர்போன சித்தளே பந்து கடை 2017இல் அந்த மதிய அடைப்பைக் கைவிட்டபோது அது நாளிதழ்களில் செய்தியாக வந்தது. கடை திறந்திருப்பது செய்தியாகும் ஊர் அது.

ஆனால் அந்தப் பேட்டைகளில் தொடர்ந்து பொருள் வாங்குபவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள். ஆறு மாதம் முகம் நிமிராமல் பொட்டலம் கட்டிய கடைக்காரர் ஒரு நாள் நிமிர்ந்து, "போலா" என்கிறார். "சொல்லுங்கள்" என்று பொருள். கூடவே உதட்டோரம் ஒரு சிறு அசைவு. அன்று வீட்டுக்குப் போகிறவர் அதை வீட்டில் சொல்கிறார். விடுதி வாசலில் கிடைத்த நூறு புன்னகைகளில் ஒன்றைக்கூட எவரும் வீட்டில் போய்ச் சொல்வதில்லை.

இதற்குக் காரணம் கடைக்காரரின் உள்ளம் தூய்மையானது என்பதன்று. அவர் வெறும் சிடுமூஞ்சியாகவும் இருக்கலாம். பொருண்மையியலில் ஜான் லயன்ஸ் வலியுறுத்தும் ஓர் அடிப்படை உண்டு: தெரிவு இருக்கும் இடத்தில்தான் பொருள் இருக்கும். ஓரிடத்தில் ஒரே ஒரு வடிவம்தான் வரமுடியும் என்றால் அந்த வடிவம் அங்கே எதையும் தெரிவிப்பதில்லை. கடைக்காரர் கல்லாவின் உரிமையாளர். புன்னகைக்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு, அதைத் தாராளமாகப் பயன்படுத்தவும் செய்கிறார். ஆகவே புன்னகைத்தால் அது செய்தி. விடுதிப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. அவர் உண்மையாகவே மகிழ்ந்து சிரித்தாலும் பார்ப்பவருக்கு அதை அறிய வழியில்லை. எழுதிக்கொடுத்த வரவேற்பின் இழப்பு இதுதான்: பொய்யைப் புகுத்துவதைவிட மெய்யைக் காணமுடியாமல் செய்துவிடுகிறது.

முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தர முயன்றார். முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தவர் அவர். உதட்டோரத்தை இழுக்கும் கன்னத் தசை சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையோ உண்மையான மகிழ்ச்சிக்கு மட்டுமே இசையும் என்பது அவர் கருத்து. கண் சுருங்காத சிரிப்பு பொய்ச் சிரிப்பு என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதன் வேர் அங்கே இருக்கிறது. பிற்கால ஆய்வுகள் இதைத் தளர்த்திவிட்டன. கண்ணையும் சேர்த்துச் சுருக்கி வேண்டுமென்றே சிரிக்கப் பலராலும் முடிகிறது. சட்டென்று தோன்றிச் சட்டென்று அணைகிறதா, மெல்ல விரிந்து மெல்ல மறைகிறதா என்ற கால அளவு ஓரளவு உதவும். அதையும் பழகிக்கொள்ளலாம். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் நூல் எழுதிய ஆர்லி ஹாக்ஷீல்ட் காட்டியது இதைத்தான்: முகத்தை மட்டும் மாற்றுவது ஒரு நடிப்பு, முகம் தானாக மாறும்படி உள்ளுணர்வையே திருத்திக்கொள்வது இன்னொரு நடிப்பு. இரண்டாவதைச் செய்பவருக்குப் பணி முடிந்த பிறகு எது தன் உணர்வு என்பதிலேயே குழப்பம் வந்துவிடுகிறது.

கால் வலிக்கும்போது கண் சிரிப்பது கடினம் என்பது ஆய்வின்றியே தெரிந்த உண்மை. கடைப் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத் திருத்தம் கொண்டுவரவேண்டியிருந்தது. புன்னகையைப் பற்றிப் பயிற்சி வகுப்பு எடுத்தவர்கள் நாற்காலியைப் பற்றி நினைக்கவில்லை.

அந்த ஜூலை இரவுக்குத் திரும்பலாம். மணி ஒன்பதரை. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த முதிய தம்பதி உள்ளே நுழைகிறார்கள். ரயில் நாலு மணி நேரம் தாமதம். அவர் வேட்டியின் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருக்கிறது. அம்மாவின் கையில் ஒரு ஒயர்கூடை. பத்தடியில் புன்னகை, ஐந்தடியில் "குட் ஈவினிங்". அவர் தலையசைக்கிறார். "ஹவ் வாஸ் யுவர் ஜர்னி, சார்?" அவருக்குக் கேள்வி புரிகிறது. "லேட்டு. ரொம்ப லேட்டு" என்கிறார். பாடத்தின் அடுத்த வரி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது: "வொண்டர்ஃபுல், சார்."

உரையாடலை ஆராய்பவர்கள் கேள்வி-விடை, வணக்கம்-மறுவணக்கம் ஆகியவற்றை இணைகள் என்பார்கள். முதல் பாதி இரண்டாம் பாதிக்கு இடம் விடும். இரண்டாவதைக் கேட்டபிறகே மூன்றாவது பிறக்கும். அந்தப் பெண்ணுக்குத் தரப்பட்ட பாடத்தில் மூன்றாவது வரி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. தெருவில் "எங்க, கடைத்தெருவுக்கா?" என்று கேட்பவரிடம் "இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு" என்று சொன்னால் அவர் நின்றுவிடுவார். சடங்குச் சொல்லுக்கும் அந்தக் கதவு உண்டு. மேசைப் பாடத்தில் அந்தக் கதவைத்தான் அடைத்துவிட்டார்கள்.

பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம்: வருகையின் நோக்கம். வணிகம், சுற்றுலா, இரண்டில் ஒன்றைக் குறிக்கவேண்டும். "பிசினஸ் ஆர் லெஷர்?" என்று அந்தப் பெண் கேட்கிறார். முதியவர் மனைவியைப் பார்க்கிறார். பிறகு, "ஆஸ்பத்திரி. டாட்டர். டுமாரோ ஆபரேஷன்."

பேனா நிற்கிறது. புன்னகை போய்விடுகிறது. பட்டியலோடு அங்கே எவரேனும் அமர்ந்திருந்தால் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று குறித்திருப்பார்கள். அந்தப் பெண் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, கையால் சோபாவைக் காட்டி, "பஸா நா" என்கிறார். தாமே மேசையைச் சுற்றி வெளியே வந்து, படிவத்தை அவர்களிடம் கொண்டுபோகிறார்.

பஸா என்றால் உட்காருங்கள். அதன் பின்னால் வரும் "நா" என்ற இடைச்சொல் கட்டளையின் கூர்மையைக் கழற்றிவிடுகிறது. தமிழில் "உட்காருங்கள்" என்பதற்கும் "உட்காருங்களேன்" என்பதற்கும் உள்ள தொலைவு அது. மராட்டி அறியாத தம்பதிக்கு இந்த இலக்கணம் தெரியாது. ஆனால் மொழி மாறியதும் குரல் தாழ்ந்ததும் தெரிந்தது. ஆங்கிலத்தில் எல்லா வாக்கியங்களும் எழுதித் தரப்பட்டிருந்தன. மராட்டியில் எதுவும் எழுதித் தரப்படவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே தெரிவு அதுதான், அதை அவர் எடுத்துக்கொண்டார். அம்மா தமிழிலேயே விவரம் சொல்லத் தொடங்கினார், மகளுக்குக் கருப்பையில் கட்டி என்று. அந்தப் பெண் மராட்டியிலேயே பதில் சொன்னார். ஏறக்குறைய ஐந்து நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் பேசிக்கொண்டார்கள். மாலினோவ்ஸ்கி கேட்டிருக்கவேண்டிய உரையாடல். படிவத்தில் நோக்கத்துக்கான கட்டம் வெறுமையாகவே போனது.

விருந்தோம்பலின் கடைசிக் குறளில் அனிச்சத்தை நினைத்த வள்ளுவர், விருந்தினர் வாடுவதற்கு முகம் மாறி நோக்குவதையே காரணமாகச் சொன்னார். அன்றிரவு அந்த மேசையில் முகம் மாறத்தான் செய்தது. அம்மாவின் வாட்டம் குறைந்தது அந்த மாற்றத்தைக் கண்டபிறகுதான்.

நான்காம் நாள் மாலை அவர்கள் அறையைக் காலி செய்கிறார்கள். மகள் நலம். விடைகொடுப்பதற்கும் ஒரு பாடம் உண்டு. மீண்டும் பெயர் சொல்லி, மீண்டும் புன்னகைத்து, தங்கியமைக்கு நன்றி சொல்லவேண்டும். அந்தப் பெண் அதைத் தொடங்குவதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்து, "வர்றோம்மா" என்கிறார். போகிறவர் "வருகிறேன்" என்று சொல்லும் வழக்கம் மராட்டியிலும் உண்டு. அங்கே ஆண் "யேதோ" என்பார், பெண் "யேதே" என்பார். சொல் புரிந்ததா, அந்தக் கை புரிந்ததா தெரியவில்லை. மராட்டி வீடுகளில் அதற்கு எப்போதும் சொல்லும் மறுமொழி உடனே வந்தது. வருபவரை உள்ளே அழைப்பதற்கும் போகிறவரை வழியனுப்புவதற்கும் அவர்களிடம் இருப்பது ஒரே சொல்.

"யா."

வெளியே ஆட்டோ காத்திருந்தது. மழை இன்னும் விட்டபாடில்லை.