வாத்துச் சத்தத்தில் இருமிய நாய்

காரைதீவில் என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற சேர் ஒருவர் ஏழு வயது பொமரேனியன் நாய் ஒன்றை வளர்க்கிறார். போன வருடம் அது இருமத் தொடங்கியது. சாதாரண இருமல் இல்லை, வாத்து கத்துவது போல ஒரு சத்தம். சங்கிலி இழுபட்டால், ஆளைக் கண்டு துள்ளினால், தண்ணீர் குடித்தால் உடனே வரும். "தொண்டையில முள்ளு கிடக்குது போல தம்பி" என்றார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சுவாசக் குழாய் நல்லா இருக்கு என்று அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் போயும் இருமல் நிற்கவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் இருமி இருமி நாக்கு நீலமாகி விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் வேறொரு மிருக வைத்தியரிடம் போனோம்.

அவர் விளங்கப்படுத்தினார். சுவாசக் குழாயை விரித்து வைத்திருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். சின்ன இன நாய்கள் சிலவற்றில் அவை மெதுமையாகித் தட்டையாகின்றன. கழுத்துப் பகுதிக் குழாய் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒடுங்கும். நெஞ்சுக்குள் இருக்கும் பகுதி மூச்சு விடும்போதும் இருமும்போதும் ஒடுங்கும். எக்ஸ்ரே ஒரு நொடியின் படம் மட்டுமே. அந்த நொடியில் குழாய் திறந்திருந்தால் நோய் தெரியாது. அதனால் அவர் மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று இரண்டு படம் எடுத்தார். இரண்டாவதில் நெஞ்சுப் பகுதி ஒடுங்கியிருந்தது. அதுவும் சரியாக இருந்திருந்தால், அசையும் எக்ஸ்ரேயோ உள்ளே கெமரா விட்டுப் பார்ப்பதோதான் வழி என்றார். இதயம் வீங்கவில்லை, நியூமோனியா இல்லை என்பதையும் அந்தப் படங்களே காட்டின.

வைத்தியம் படிப்படியாக நடந்தது. கழுத்துப் பட்டியைக் கழற்றி நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டி போட்டார்கள். சோறும் பிஸ்கட்டும் குறைந்தன. வீட்டுக்குள் நுளம்புத்திரி கொளுத்துவதை நிறுத்தினார்கள். வெயிலில் கூட்டிப் போகவில்லை. இருமல் குழாயைப் புண்ணாக்கும், புண் மீண்டும் இருமலைக் கொண்டு வரும். அந்தச் சுற்றை உடைக்க இருமலை அடக்கும் மருந்து கொடுத்தார். வீக்கத்துக்குக் கொஞ்ச நாளைக்கு மட்டும் பிரெட்னிசோலோன், பிறகு மெல்ல மெல்லக் குறைத்தார். அது பசியைக் கூட்டி உடம்பைப் பெருக்க வைக்கும், அதனால் நீடிக்கக் கூடாதாம். சின்ன சுவாசக் கிளைகளும் ஒடுங்கினால்தான் அவற்றை விரிக்கும் மருந்து. எதுவும் கேட்காவிட்டால் கடைசியாகக் குழாய்க்குள் ஸ்டென்ட். அதுவும் நோயை மாற்றாது, குழாயைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். சில வேளை உடைந்தும் போகும்.

நாலு மாதத்தில் 5.2 கிலோ 4.4 கிலோவானது. இருமல் முற்றாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார். ஆனால் இரவில் சேரும் நித்திரை கொள்கிறார், நாயும் நித்திரை கொள்கிறது.

எங்கள் ஊரில் நாய் வளர்ப்பவர் குறைவு. ஆனாலும் யாருடைய சின்ன நாயாவது வாத்துச் சத்தத்தில் இருமினால் சொல்லுங்கள்: முதலில் கழுத்துப் பட்டியைக் கழற்றட்டும். மனிதர் குடிக்கும் இருமல் பாணியைக் கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரே சரி என்றாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். நாக்கு நீலமானால் தூக்கி நிழலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோய், அமைதியாக வைத்தபடி உடனே வைத்தியரிடம் ஓடட்டும்.