ஆறு ஏழான கதை

எங்கள் மஹல்லாவில் எவரேனும் வஃபாத்தானால், ஜமாஅத்தின் இரங்கல் தீர்மானம் எழுதும் பணி என்னிடமே வந்து சேரும். அரபும் தமிழும் கற்றவன் என்னும் பெயர் எனக்கு உண்டு; அதற்குரிய கூலி இது. இருபதாண்டுப் பழக்கத்தில் கை தானே எழுதிவிடும். அந்தக் கை, 2023ஆம் ஆண்டு, என்னோடு பள்ளியில் பணியாற்றிய கணித ஆசிரியரின் வீட்டாருக்கு எழுத உட்கார்ந்தபோது என்னைத் தலைகுனிய வைத்தது.

அவர் மறைந்த நாளில் நான் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்திற்காக வெளியூர் சென்றிருந்தேன். ஜனாஸாவிலும் கலந்துகொள்ள இயலவில்லை. திரும்பி வந்தபோது ஏழு நாட்கள் கடந்திருந்தன. தஃஸியத் கூறுவதற்கு மூன்று நாட்களையே நம் சட்ட அறிஞர்கள் வரையறுத்துள்ளனர். ஆறிவரும் துயரத்தை மீண்டும் கிளறலாகாது என்பது அதற்குக் காரணம். ஊரில் இல்லாதவனுக்கு மட்டும் இமாம் நவவி அவர்கள் தமது ‘அல்அத்கார்’ நூலில் விலக்களித்திருக்கிறார்கள். அந்த விலக்கைப் பற்றிக்கொண்டே எழுதலானேன். அவருடைய மனைவியார் இத்தாவில் இருந்தமையால், மூத்த மகனின் பெயருக்கே கடிதம்.

முதலில் எழுதியது இது: “தங்கள் அருமைத் தந்தையார் மறைந்தார் என்னும் செய்தி பேரிடியாக வந்து தாக்கியது. எனது உற்ற நண்பரான அன்னாரின் பிரிவு பள்ளிக்கும் சமுதாயத்துக்கும் ஈடுசெய்ய இயலாத பேரிழப்பாகும். பழகுதற்கு இனிய பண்பாளர். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து மேலான சுவனபதியை வழங்குவானாக. குடும்பத்தார்க்கு அழகிய பொறுமையை அருள்வானாக. எவ்வுதவி வேண்டினும் தயங்காது தெரிவிக்கவும்.”

மடித்து உறையில் இடும்போது ஓர் ஐயம் எழுந்தது. முந்தைய ஆண்டு மறைந்த ஜவுளி வணிகர் ஒருவருக்கு நான் எழுதிய தீர்மானத்தின் படி என் பையிலேயே இருந்தது. எடுத்து ஒப்பிட்டேன். ‘பள்ளி’ இருந்த இடத்தில் ‘பள்ளிவாசல்’ இருந்தது, மற்றவை அப்படியே. பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும் கடிதம் எந்த வீட்டுக்கும் உரியதன்று.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். ‘பேரிடி’ என்பது பொய். எட்டுத் திங்கள் சிறுநீரக நோயில் கிடந்தவர் அவர். வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்று வந்த மகனிடம், செய்தி இடியாக விழுந்தது என்று எழுதினால், அந்த எட்டுத் திங்களும் நான் எட்டிப் பார்க்கவில்லை என்றே பொருளாகும். ‘பழகுதற்கு இனியவர்’ என்பதும் சரியன்று. முகத்துக்கு நேரே பேசும் மனிதர், மாணவர்கள் அஞ்சினார்கள். ‘உற்ற நண்பர்’ என்பதோ அந்த அம்மையார் படித்தால் முகம் சுளிக்கும் சொல். 2019இல் ஆசிரியர் கூட்டத்தில், “ஹஜ்ரத் மனமிளகி மதிப்பெண் போட்டுவிடுகிறார்” என்று அவர் சொன்னதற்காக, இரண்டாண்டுகள் ஸலாமுக்கு மேல் ஒரு சொல்லும் அவரோடு நான் பேசவில்லை. அவர் சொன்னது உண்மை என்பது வேறு செய்தி.

எஞ்சியவை இரு துஆக்கள். அவற்றையும் பழஞ்சொல் என்று அடித்துவிட எண்ணிப் பின் நிறுத்தினேன். அவை வீட்டாரை நோக்கியவை அல்ல, அல்லாஹ்வை நோக்கியவை. அங்கே புதுமை காட்ட நான் யார்? ஆயிரமாண்டுகளாக எல்லா நாவும் கேட்டதையே கேட்பதுதான் அதன் அழகு. மனிதரை நோக்கிப் பேசும் வரிகளே என் சொந்தமாய் இருத்தல் வேண்டும். தஃஸியத் என்னும் சொல்லின் வேரே துன்பத்தைத் தாங்கச் செய்தலைக் குறிப்பது. கேட்டுக் கேட்டுத் தேய்ந்த சொல்லைப் பற்றிக்கொண்டு எவரால் தாங்க முடியும்?

இரண்டாம் முறை எழுதியது இன்னும் கெட்டது. பிணக்கைப் பற்றி ஒரு பக்கம். என் வருத்தம், என் குற்றம், என்னை மன்னியுங்கள் என்னும் வேண்டுகோள். படித்துப் பார்த்தால் இறந்தவர் ஓரத்தில் நிற்க, நான் நடுவில் அமர்ந்திருந்தேன். துயருற்ற வீட்டில் ஆறுதல் பெற நானே போய் நிற்பது போலிருந்தது. ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்தேன்.

பிறகு, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்து அவருடைய வீட்டாருக்குத் தெரியாதது எது என்று என்னையே கேட்டேன். பிணக்குக்கு முந்தைய ஒரு மாலை நினைவுக்கு வந்தது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கீடாகிய ஃபராயிள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இறந்தவளுக்குக் கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் உள்ளனர். கணவனுக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்காக வைத்தால் மூன்றும் நான்கும் ஏழாகிவிடும். வழியே சென்றவர் கரும்பலகையைக் கண்டு உள்ளே வந்துவிட்டார். ‘அவ்ல்’ என்னும் முறையை நான் விளக்கினேன்: ஆறை ஏழாக்கி, எல்லோர் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பது. அவர் ஒரு தாளை நீளமாகக் கிழித்து ஆறாக மடித்துக் காட்டினார், பங்கு போதவில்லை. இன்னொரு தாளை ஏழாக மடித்தார். கணவனுக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு. நான் ஆண்டுதோறும் மூன்று நாள் நடத்தும் பாடம் அன்று அரைமணியில் முடிந்தது.

இறுதியில் அஞ்சலில் சேர்த்தது இதுவே:

“அன்புள்ள தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வாப்பாவின் ஜனாஸாவில் நான் இல்லை, வெளியூரில் இருந்துவிட்டேன். எட்டு மாதம் நீங்கள் அவருக்குச் செய்த பணிவிடையை நான் அறிவேன். நான் பார்க்க வந்த அன்று, ‘ஏழு பங்கு இப்போது பிள்ளைகளுக்குப் புரிகிறதா?’ என்று மட்டும் கேட்டார். மதரஸாவில் ஒருநாள் காகிதத்தை மடித்துப் பாகப் பிரிவினை கற்றுக்கொடுத்தவர் அவர். இன்றும் அப்படித்தான் நடத்துகிறேன். இடையில் இரண்டாண்டு நாங்கள் பேசாதிருந்தோம், பிழை என்னுடையது. குடும்ப ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். செவ்வாய், வியாழன் இரு நாளும் அஸருக்குப் பின் வீட்டில் இருப்பேன். தாள்களோடு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். அல்லாஹ் அவருடைய பிழை பொறுத்துச் சுவனத்தை வழங்குவானாக. உங்கள் தாயாருக்கும் உங்கள் அனைவருக்கும் அழகிய பொறுமையைத் தருவானாக.”

‘எவ்வுதவி வேண்டினும்’ என்பதை நாளும் பொழுதுமாக மாற்றியதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர்களின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வேண்டுமானால் கேளுங்கள் என்று சொல்லிவிடவில்லை. துயரில் இருப்பவருக்கு, என்ன கேட்பது என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு சுமை.

கடிதம் நான்கில் மூன்று பங்கு சுருங்கிவிட்டதாக என் மனைவிக்குக் குறை. எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவிலோ முதல்வர் போட்ட இரங்கலையே நாற்பது பேர் படியெடுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களைக் குறைகூற என் பையிலிருந்த தீர்மானம் விடவில்லை.

அடுத்த செவ்வாயன்று அந்தத் தம்பி வந்தான். வாரிசுச் சான்றுக்கான மனுவில் தந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைச் சரிசெய்வதிலேயே மாலைப்பொழுது கழிந்தது. கடிதத்தைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது, உம்மா கேட்டுவரச் சொன்னதாக, ஆறு எப்படி ஏழாயிற்று என்று கேட்டான். மேசையிலிருந்த தாள் ஒன்றை நீளமாகக் கிழித்தேன்.