பாடத்திட்டத்திற்கு வெளியே ஒரு வினா: ஒரு தேர்வாளரின் கடிதம்

தேர்வுத்தாளில் நேரும் பிழைகளை நாம் பெரும்பாலும் ஒரே வகையாகவே எண்ணுகிறோம். விடைக்குறிப்பு தவறாக இருப்பது ஒரு பிழை. வினாவே தவறாக அச்சாவது இன்னொரு பிழை. இவை இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தால் பிடித்துவிடலாம். மூன்றாவது வகை ஒன்று உண்டு. வினா சரியானது, விடையும் சரியானது; ஆனால் அந்த வினாவைக் கேட்கும் உரிமை அந்தத் தாளுக்கு இல்லை. பாடத்திட்டப் பிழை என்பது இதுதான். கணக்கு பிசகாமல் வந்துவிடுவதால் இது யார் கண்ணிலும் எளிதில் படுவதில்லை.

நான் ஆய்வு செய்துவரும் வடமாநிலம் ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தாள் திருத்தும் மையத்தில் சில நாள்கள் உதவியாளராக இருந்தேன். கணிதக் கல்வி என் ஆய்வுப் பொருள் என்பதால் கிடைத்த வாய்ப்பு அது. அங்கே தலைமைத் தேர்வாளராக இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் தேர்வு வாரியத்திற்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் பணி என்னிடம் வந்தது. முடிவுகள் வெளியாகி, மறுமதிப்பீட்டுக் காலமும் கடந்துவிட்டதால் இப்போது அதைப்பற்றி எழுதுகிறேன். வாரியத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன்.

வினா இதுதான். சீரான பகடை ஒன்று நான்கு முறை உருட்டப்படுகிறது. நான்கைவிடப் பெரிய எண் விழுந்தால் வெற்றி. ஈருறுப்புப் பரவலைப் பயன்படுத்தி, (அ) சரியாக இரண்டு வெற்றிகள் கிடைப்பதற்கான நிகழ்தகவையும், (ஆ) வெற்றிகளின் எண்ணிக்கையின் பரவற்படியையும் காண்க. முதற்பகுதிக்கு 2 மதிப்பெண், இரண்டாம் பகுதிக்கு 3. தாளின் மொத்த மதிப்பெண் 80. இந்த வினாவுக்கு 'அல்லது' என்ற மாற்று வினா கிடையாது.

பல்லாண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்கப்பட்டுவந்த வினாதான். ஆனால் 2022இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் பாடநூல்களின் சுமையைக் குறைத்தபோது கணிதத்தில் நீங்கிய பகுதிகளுள் ஈருறுப்புப் பரவலும் ஒன்று. அந்நூல்களைப் பின்பற்றிய இந்த வாரியமும் தன் பாடத்திட்டத்திலிருந்து அதனை நீக்கிவிட்டது, பரவற்படியையும் நீக்கியது. சார்பிலா நிகழ்ச்சிகள், பெருக்கல் தேற்றம், பேயீஸ் தேற்றம், சமவாய்ப்பு மாறியின் சராசரி ஆகியவை நீடித்தன.

மையத்தில் இருந்த தேர்வாளர்கள் சிலர் எழுதிவைத்திருந்த முதல் வரைவு நான்கே வரி. வினா பாடத்திட்டத்தில் இல்லை; இது வாரியத்தின் அலட்சியம்; மாணவர் பலர் விடையெழுதவில்லை; முழு மதிப்பெண் வழங்குக. பேராசிரியர் அதனைப் படித்துவிட்டு இரண்டு இடங்களை அடித்தார். முதலாவது, 'அலட்சியம்' என்ற சொல். வினா அமைத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவர் மனநிலையைப் பற்றி நாம் எப்படிச் சான்று சொல்வது என்று கேட்டார். இரண்டாவது, மாணவர் பலர் எழுதவில்லை என்ற வரி. பாடத்திட்டத்துக்குள் இருக்கும் கடினமான வினாவையும் பலர் விட்டுவிடுவார்கள். பயிற்சி மையத்தில் பழைய நூலைப் படித்த சிலர் வெளியே இருக்கும் வினாவையும் போட்டுவிடுவார்கள். ஆகவே மாணவர் எழுதியதும் எழுதாததும் பாடத்திட்டப் பிழைக்குச் சான்றாகா. அதற்கான சான்று இரண்டே தாள்களில் உள்ளது: அச்சிட்ட வினா, அந்த ஆண்டுக்குரிய பாடத்திட்டம். அவர் எழுதிய கடிதம் அந்த இரண்டையும் அருகருகே நிறுத்தித்தான் தொடங்கியது. எந்தெந்த வினாத்தாள் வரிசையில் இது எந்த எண்ணில் வருகிறது என்பதையும் குறித்திருந்தார். ஒரே வினா வெவ்வேறு வரிசைகளில் வெவ்வேறு எண்ணில் வரும் என்பதால், இது விடுபட்டால் திருத்தம் ஒரு வரிசைக்கு மட்டும் போய்ச்சேரும் அபாயம் உண்டு.

அடுத்து வந்த பகுதிதான் என்னைப் பெரிதும் சிந்திக்கவைத்தது. வினா முழுவதும் வெளியே இருக்கிறது என்று அவர் எழுதவில்லை. முதற்பகுதியைத் தம் கையாலேயே, பாடத்திட்டத்தில் எஞ்சியுள்ள கருவிகளை மட்டும் கொண்டு செய்துகாட்டினார். ஒருமுறை உருட்டும்போது வெற்றிக்கான நிகழ்தகவு 1/3, தோல்விக்கு 2/3. உருட்டல்கள் ஒன்றையொன்று சாரா. முதல் இரண்டும் வெற்றி, பின்னிரண்டும் தோல்வி என்ற வரிசைக்கான நிகழ்தகவு பெருக்கல் தேற்றத்தின்படி 4/81. நான்கு இடங்களில் வெற்றிக்குரிய இரண்டு இடங்களை ஆறு வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். ஆக 24/81, அதாவது 8/27. ஈருறுப்புப் பரவல் என்ற பெயரைக் கேள்விப்படாத மாணவரும் இந்த விடையை அடைந்துவிட முடியும்.

ஆகவே முதற்பகுதியில் தவறு கணக்கில் இல்லை. 'ஈருறுப்புப் பரவலைப் பயன்படுத்தி' என்ற தொடரில்தான் உள்ளது. அத்தொடர் இரண்டு தீங்குகளைச் செய்கிறது. தெரியாத பெயரைக் கண்ட மாணவர், தம்மால் செய்யக்கூடிய கணக்கையும் தொடாமல் நகர்ந்துவிடுகிறார். துணிந்து எண்ணிச் செய்தவருக்கோ, விடைக்குறிப்பில் சூத்திரத்திற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்கியிருப்பதால் அந்த ஒன்று போய்விடுகிறது.

இரண்டாம் பகுதியின் நிலை வேறு. வெற்றிகள் 0, 1, 2, 3, 4 ஆவதற்கான நிகழ்தகவுகளை மேற்சொன்ன முறையிலேயே கண்டுவிடலாம்: 16/81, 32/81, 24/81, 8/81, 1/81. சராசரி 4/3 என்றும் வரும். அதுவரை எல்லாம் பாடத்திட்டத்துக்குள்ளேயே. ஆனால் பரவற்படி என்பதன் வரையறை இவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. வரையறை தெரியாத ஒன்றைத் தருக்கத்தால் வருவிக்க முடியாது. 8/9 என்ற விடைக்குச் செல்லும் பாதை அங்கே முறிந்துவிடுகிறது. வரையறையை வினாவிலேயே ஒரு வரியில் தந்திருந்தால் இதுவும் செய்யத்தக்கதாகியிருக்கும் என்றும் கடிதம் சொன்னது. அதாவது, 5 மதிப்பெண் வினாவில் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பது 3 மதிப்பெண் மட்டுமே. வாரியத்திடம் மிகையாகக் கேட்டால் மிகையை மட்டும் சுட்டிக்காட்டி முழுவதையும் மறுத்துவிட இடம் கிடைக்கும் என்பது அவர் அனுபவம்.

இத்தகைய பிழை எப்படி நுழைகிறது என்பதும் இங்கே விளங்கும். வினா அமைப்பவரும் சரிபார்ப்பவரும் பல்லாண்டு அனுபவம் உடைய ஆசிரியர்கள். நிகழ்தகவு என்றாலே ஈருறுப்புப் பரவல் அவர்கள் மனத்தில் தானாக வந்து நிற்கும். சரிபார்ப்பவர் வினாவைப் போட்டுப்பார்க்கிறார், விடை ஒழுங்காக வருகிறது, ஒப்பமிடுகிறார். போட்டுப்பார்ப்பது பிழையான வினாவைப் பிடிக்கும். இடம் மாறிய வினாவைப் பிடிக்காது. அதற்கு ஒவ்வொரு வினாவின் எதிரிலும், அதைச் செய்யத் தேவையான கருத்துகள் பாடத்திட்டத்தின் எந்த வரியில் உள்ளன என்று எழுதவேண்டும். கடிதத்தின் இறுதியில் இருந்த ஒரே பரிந்துரை அதுதான்.

இனித் தீர்வு. இங்கே நான்கு வழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வேறொரு மாணவரைத் தொடும். எதுவும் செய்யாமல் விடுவது முதல் வழி. வினாவை முயன்றவர்களுக்கு மட்டும் மதிப்பெண் தருவது இரண்டாவது. வழக்கத்தில் அதிகம் காணப்படுவதும், கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவதும் இதுதான். ஆனால் பாடத்திட்டத்தை ஒழுங்காகப் படித்து, இது நமக்கு இல்லை என்று சரியாகத் தீர்மானித்து, அந்த நேரத்தை வேறு வினாவுக்குச் செலவிட்ட மாணவரையே இது தண்டிக்கிறது. வாரியத்தின் சொல்லை நம்பியவர் இழக்கிறார். ஏதோ ஒன்றைக் கிறுக்கிவைத்தவர் பெறுகிறார்.

மூன்றாவது வழி, அந்த 3 மதிப்பெண்ணை நீக்கிவிட்டு, 77இல் பெற்றதை 80க்கு விகிதப்படி உயர்த்துவது. நான்காவது, எல்லோருக்கும் 3 மதிப்பெண் வழங்குவது. மேல்நிலை மாணவருக்கு இரண்டும் ஒன்றே. 77க்கு 77 பெற்றவர் எவ்வழியிலும் 80 பெறுவார். வேறுபாடு கீழே தெரிகிறது. தேர்ச்சிக்கு 27 தேவை என்க. எஞ்சிய வினாக்களில் 24 பெற்ற மாணவர், எல்லோருக்கும் வழங்கும் முறையில் 27 பெற்றுத் தேறுவார். விகித முறையில் அவருக்குக் கிடைப்பது 25க்கும் சற்றுக் குறைவு, தேறமாட்டார். கடிதம் இந்தக் கணக்கையும் வைத்து, நான்காவது வழியைக் கோரியது. அதன் குறையையும் மறைக்கவில்லை: பழைய நூலைப் பார்த்து உண்மையிலேயே விடை கண்டவருக்குத் தனிப்பயன் எதுவும் இராது. ஆனால் பாடத்திட்டத்திற்கு வெளியே படித்ததற்குப் பரிசளிப்பது இந்தத் தேர்வின் நோக்கமன்று என்று ஒரே வாக்கியத்தில் அதற்கு விடை கூறியிருந்தார்.

ஒரு வினாவின் மதிப்பெண்ணை எவ்வாறு தீர்ப்பது என்பது சிறு செய்தியன்று. 2024 நீட் தேர்வில் அணு பற்றிய ஓர் இயற்பியல் வினாவுக்குப் பழைய பாடநூலின்படி ஒரு விடை, புதிய நூலின்படி வேறு விடை என்ற நிலை எழுந்தது. தேசியத் தேர்வு முகமை இரண்டையும் ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, தில்லி ஐஐடியின் மூவர் குழுவிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஒரே விடைதான் சரி என்று அக்குழு கூறியது. அதன்படித் திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் பெற்றவர் 17 பேராகக் குறைந்தனர். முன்னர் அவ்வரிசையில் இருந்தவர்களுள் 44 பேர் அந்த ஒரு வினாவின் சலுகையால் அங்கே நின்றவர்கள். அது விடைப்பிழை, இது பாடத்திட்டப் பிழை, வகை வேறு. ஆனால் பிழைக்கு இணையாகத் தீர்வும் ஆயிரக்கணக்கானோரின் இடத்தை மாற்றும் என்பது இரண்டுக்கும் பொது.

கடிதம் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு உரிய வழியில், முதல்நாள் மாதிரித் திருத்தம் முடிந்த மாலையே சென்றது. அதுவும் காரணத்தோடுதான். முழுத் திருத்தம் தொடங்குமுன் விடைக்குறிப்பை மாற்றுவது ஒரு சுற்றறிக்கையில் முடியும். தொடங்கியபின் மாற்றினால் கட்டிவைத்த விடைத்தாள் கட்டுகளை மீண்டும் அவிழ்க்கவேண்டும், கூட்டல் பிழைகள் புதிதாகப் பிறக்கும். கடிதத்திற்குப் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் எல்லா மையங்களுக்கும் திருத்திய விடைக்குறிப்பு வந்தது: முதற்பகுதியில் எம்முறையில் செய்தாலும் முழு மதிப்பெண், இரண்டாம் பகுதிக்கு அனைவருக்கும் 3. காரணம் ஏதும் சொல்லப்படவில்லை.

இடைப்பட்ட நாளில் திருத்தப்பட்ட கட்டுகளை நாங்கள் திறந்து, ஒவ்வொரு தாளிலும் மதிப்பெண்ணை மாற்றி, கூட்டலைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் இட்டோம். இரண்டாம் பகுதியில் ஒரு பக்கம் முழுவதும் எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, அதன்பின் வந்த வினாவைப் பாதியில் விட்டிருந்த தாள்கள் அவற்றில் இருந்தன. அந்த மாணவருக்கும் 3 மதிப்பெண் போட்டோம். பாதியில் நின்ற அடுத்த வினாவுக்கு எழுதிய அளவுக்குத்தான் போட முடிந்தது. அங்கே இழந்த நேரத்திற்கு விடைக்குறிப்பில் இடமில்லை.