பதினைந்து நிமிடம் கேட்டு ஒரு மின்னஞ்சல்

புனேயில் வேதியியல் ஆய்வு மாணவராக எனக்கு இது ஐந்தாம் ஆண்டு. உதவித்தொகை முடிய எட்டு மாதங்கள் இருந்தபோது, கல்லூரியில் எனக்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தவரான ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர் தில்லியில் ஒரு காப்புரிமைச் சட்ட நிறுவனத்தில் பணிபுரிகிறார். நேரில் பார்த்ததில்லை. முன்னாள் மாணவர் பட்டியலில் பெயரையும் முகவரியையும் கண்டேன், அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலை எழுதி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின என்று சொன்னால் என் ஆய்வக நண்பர்கள் சிரிப்பார்கள்.

இந்தத் துறையின் மீது ஆசை வந்த கதை சிறியது. எங்கள் ஆய்வகம் ஒரு வினையூக்கிக்குக் காப்புரிமை கோரியிருந்தது. ஏற்கனவே வெளியான ஒரு ஜப்பானிய ஆவணத்தைச் சுட்டி, இதில் புதுமை என்ன என்று காப்புரிமை அலுவலகம் கேட்டது. அந்த ஆவணத்தையும் எங்கள் விண்ணப்பத்தையும் வரிக்கு வரி ஒப்பிடும் வேலை என் தலையில் விழுந்தது. தண்டனையாக எண்ணித் தொடங்கினேன்; நான்காம் நாள் உணவுவேளை கடந்ததை மறந்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கு அப்படி நேர்ந்து நெடுநாள் ஆகியிருந்தது.

முதல் வரைவு ஒன்றரைப் பக்கம் வந்தது. பிறந்த ஊர், பள்ளி மதிப்பெண், கட்டுரைகளின் பட்டியல், பெருமூச்சு எல்லாம் அதில் இருந்தன. "இத்துறையில் நுழையத் தகுதி என்ன, தேர்வு எப்படி இருக்கும், தங்கள் நிறுவனத்தில் ஏதேனும் வாய்ப்பு உண்டா" என்று முடித்திருந்தேன். அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது, அதைப் பெறுபவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். வேலை கேட்பவருக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? வேலை தரும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. "இல்லை" என்று எழுதச் சங்கடம். ஆகவே எழுதாமலே விட்டுவிடுவார். பதில் வராததை நான் அவமதிப்பாகக் கொள்வேன். உண்மையில், பதில் சொல்ல இயலாத கேள்வியைக் கேட்டது நான்தான்.

மற்ற இரண்டு கேள்விகளும் வேறு வகையில் தவறானவை. அவற்றுக்கு விடை அச்சில் இருக்கிறது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவைத் திறந்தால் போதும்: காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், அதன்மேல் அலுவலகம் நடத்தும் தேர்வில் தேர்ச்சி. தேர்வில் இரண்டு எழுத்துத்தாள்கள், ஒரு நேர்முகம். இதை ஒரு மணி நேரத்தில் நானே படித்துக்கொண்டேன். படித்த பிறகு, சட்டத்தில் விடையில்லாத ஒரே ஒரு ஐயம் மிஞ்சியது. அந்தத் தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. அதற்காகக் காத்திருப்பதா, இல்லையா? இது உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரிந்தது. அவர் யோசிக்காமலே சொல்லக்கூடியது. கடைசியில் அனுப்பியது இதுதான்:

"வணக்கம் மேடம். நீங்கள் படித்த அதே கல்லூரியில், அதே வேதியியல் துறையில், 2016 முதல் 2019 வரை இளநிலை படித்தேன். இப்போது புனேயில் வினையூக்கிகள் குறித்து ஆய்வு செய்கிறேன். எட்டு மாதங்களில் முடியும். எங்கள் ஆய்வகத்தின் காப்புரிமை விண்ணப்பத்துக்கு வந்த ஆட்சேபத்துக்குப் பதில் தயாரிக்க உதவினேன். அந்த வேலையையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். முகவர் தேர்வில் தேறிய பின்னரே நிறுவனங்களை அணுக வேண்டுமா, முன்பே அணுகலாமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. இது பற்றிப் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேச இயலுமா? வரும் இரண்டு வாரங்களில் எந்த மாலையும் எனக்கு வசதியே. நேரமில்லையெனில் ஒரு வரி பதிலும் எனக்குப் பேருதவி."

தன்விவரக் குறிப்பை வேண்டுமென்றே இணைக்கவில்லை. இணைத்திருந்தால், பேச்சு வெறும் சாக்கு, வேலைதான் நோக்கம் என்று அது காட்டிக்கொடுத்திருக்கும். (வேலை வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் அன்று கேட்டது அதுவன்று.) "மேடம்" என்பதற்கும் ஒரு நாள் செலவானது. "அக்கா" என்று தொடங்கினால் உரிமை எடுத்துக்கொண்டது போலிருக்கும் என்று அஞ்சினேன்.

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் அதே மின்னஞ்சலின் கீழ் இரண்டே வரியில் நினைவூட்டினேன். இதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாவது எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அன்றிரவே பதில் வந்தது: "சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அழைங்க. மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னே சொல்லுங்க."

சனிக்கிழமை என் கேள்விக்கான விடை மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. காத்திருக்க வேண்டாம் என்றார். விண்ணப்பத்தில் முகவராகக் கையொப்பமிடத்தான் பதிவு தேவை. வரைவு எழுதும் இளையவர்கள் பலர் பதிவில்லாமலே சேர்ந்து, தேர்வு வரும்போது எழுதுகிறார்கள். தம் நிறுவனத்திலும் அதுவே வழக்கம். "ஆனா ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காம வராதீங்க. பாதியில விட்டவங்க இங்க வந்தப்புறம் முடிச்சு நான் பாத்ததில்ல."

பதினைந்து நிமிடம் ஆனதும் நானே சொன்னேன், "நேரம் ஆச்சுக்கா." அவர் விடவில்லை. "நேர்முகத்துல கட்டுரை எத்தனைன்னு கேக்க மாட்டாங்க. கையில ஒரு பொருளைக் கொடுத்து உரிமைக்கோரிக்கை எழுதச் சொல்லுவாங்க. இட்லிக் கொத்துக்கு ஒண்ணு எழுதி அனுப்பு, பாக்கலாம்" என்றார். எந்த இடத்தில் 'அனுப்புங்க', 'அனுப்பு' ஆனது என்று அப்போது கவனிக்கவில்லை.

உரிமைக்கோரிக்கை என்பது காப்புரிமையின் வேலி. எவ்வளவு நீளமானாலும் ஒரே வாக்கியம். அதற்குள் அடங்குவது மட்டுமே உரியவருக்குச் சொந்தம். நான் எழுதினேன்: "நான்கு அலுமினியத் தட்டுகளும் ஒவ்வொன்றிலும் நான்கு குழிகளும் கொண்ட, ஆவியில் மாவை வேகவைக்கும் கருவி." நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டே கேள்விகள் திரும்பி வந்தன: "ஏன் நான்கு? ஏன் அலுமினியம்?" எவராவது மூன்று எஃகுத் தட்டு வைத்துச் செய்தால் என் வேலிக்கு வெளியே நடந்து போய்விடுவார் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் நீக்கி, "ஆவியில் உணவை வேகவைக்கும் பாத்திரம்" என்று அகட்டினேன். "இது என் பாட்டி கிட்டயே இருந்ததே. இதுல உனக்குன்னு என்ன இருக்கு?" என்று பதில்.

நேற்று, இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தாரிடம் இட்லிக் கொத்தை இரவல் வாங்கி வந்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகள் தின்றும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். தண்டில் கோக்கும்போது மேல்தட்டின் குழிகள் கீழ்த்தட்டின் குழிகளுக்கு நேர்மேலே நிற்பதில்லை. சற்றே திரும்பி, இடைவெளிகளின் மேல் நிற்கின்றன. அதனால்தான் தட்டுகளை நெருக்கமாக அடுக்க முடிகிறது, கீழே உப்பும் இட்லி மேல்தட்டில் முட்டுவதுமில்லை. எண்ணிக்கையும் உலோகமும் இல்லாமல் இந்த விலகலை மட்டும் ஒரு வாக்கியத்தில் கட்ட முயன்றுகொண்டிருக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் பக்கத்தில் திறந்தபடியே கிடக்கிறது.