எண்பத்தைந்து ரூபாய் முப்பத்தேழு பைசா

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தபோது நான் பி.காம். முடித்திருந்தேன். கூட்டு வட்டிச் சூத்திரம் மனப்பாடம். ஆனால் அந்தச் சூத்திரத்தை ஒரு மனிதரின் மாத வருமானத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேடம்தான்.

வரிக் கணக்கு கொடுக்க வருபவர்கள் வேலை முடிந்து எழுந்திருக்கும்போது தயங்கி நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை படிப்புக்கு மாசம் எவ்வளவு எடுத்து வைக்கணும்?" மேடம் அதற்கு வாயால் பதில் சொன்னதே இல்லை. மறுபடி உட்காரச் சொல்வார், ஒரு தாளை எடுப்பார். நான் சேர்ந்த புதிதில் அந்தத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேட்டவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மகளுக்கு எட்டு வயது. பத்து ஆண்டு கழித்து அவள் பொறியியல் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மனதில் இருந்த கல்லூரியில் அப்போது கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம். நான்கு ஆண்டுப் படிப்பு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் கட்ட வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்றும், சேமிப்பு மாதத்துக்கு 0.6 சதவீதம் ஈட்டும் என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார் மேடம்.

நான் அந்த இரண்டு சதவீதங்களையும் கண்டுகொள்ளவில்லை. நான்கு ஆண்டுக்கு 8 லட்சம், கையில் 120 மாதம், வகுத்தால் 6,667 ரூபாய். வட்டி சேரும்போது விலையேற்றத்துக்கும் இதற்கும் சரியாகப் போய்விடும் என்று நினைத்து நீட்டினேன். மேடம் திருத்தவில்லை. "இதையே கட்டிக்கிட்டுப் போ. எந்த இடத்துல நிக்குதுன்னு எனக்குச் சொல்லு" என்றார்.

அன்று மாலை முழுக்க அதோடு உட்கார்ந்திருந்தேன். மாதம் 6,667 போட்டால் பத்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 11,66,700 ரூபாய் சேர்கிறது. பார்க்கப் பெரிய தொகைதான். ஆனால் முதலாண்டுக் கட்டணம் அதற்குள் 4,31,785 ஆகியிருக்கிறது. அதைக் கட்டி, மிச்சத்துக்கு ஓராண்டு வட்டி சேர்த்து, இரண்டாமாண்டுக்கு 4,66,328 கட்டியாயிற்று. மூன்றாமாண்டு வாசலில் கேட்பது 5,03,634. கணக்கில் இருப்பது ஏறக்குறைய 3,47,400. நான்காமாண்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

"மூணாவது வருஷம் அந்தப் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாமா, தம்பி?" என்று மேடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு 6,667 என்ற எண்ணை ஓர் எண்ணாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஏறிய கட்டணங்கள் நான்கையும் கூட்டினேன்: 19,45,672. அதை 120 ஆல் வகுத்து, மாதம் 16,214 என்று எழுதினேன். இதில் குறையவே குறையாது என்ற நம்பிக்கை எனக்கு. மேடம் அந்தக் கூட்டல் கோட்டின் மேல் பேனாவை வைத்தார். "2035இல் கட்டுற ரூபாயையும் 2038இல் கட்டுற ரூபாயையும் கூட்டியிருக்கே. அதை 2025இல் போடற தவணையால வகுத்திருக்கே. மூணும் ஒரே ரூபாயா?" என்றார். பிறகு சொன்னதுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரரிடம் 16,000 என்று சொன்னால், அது நம்மால் ஆகாது என்று எழுந்து போய்விடுவார். ஆறாயிரமும் சேமிக்க மாட்டார். கூடுதலாகச் சொல்வது பாதுகாப்பான தவறு என்ற என் எண்ணம் அன்றோடு போயிற்று.

எல்லாத் தொகைகளையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர வேண்டும், பிறகுதான் கூட்ட வேண்டும். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் நிகழ்கால மதிப்பு. எனக்கு அது விரல் வழியாகத்தான் புரிந்தது. மேசையில் இருந்த கேசியோ கால்குலேட்டரில் ஒரு வசதி உண்டு. ஓர் எண்ணைப் போட்டு வகுத்தல் குறியை இரண்டு தடவை அழுத்தினால் அந்த எண் வகுத்தியாக நின்றுவிடும். அதன்பின் '=' பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் திரையில் இருப்பது மறுபடி வகுபடும். மாதம் 0.6 சதவீதம் என்பது பன்னிரண்டு மாதத்தில் 1.0744242 மடங்கு. அதை நிறுத்தி வைத்து, 4,31,785ஐப் போட்டு அழுத்தச் சொன்னார் மேடம். 4,01,876 என்றது திரை. இன்னொரு அழுத்து, 3,74,038. ஓர் அழுத்துக்கு ஓர் ஆண்டு. பத்தாவது அழுத்தில் 2,10,625 வந்து நின்றது. இன்று அந்தத் தொகையை ஒரே தடவையாகப் போட்டு வைத்தால், முதலாண்டுக் கட்டணம் தானாக விளைந்திருக்கும் என்பது அதன் பொருள்.

அந்தப் படியிலும் ஒரு தடுமாற்றம் இருந்தது. இரண்டாமாண்டுக் கட்டணத்தை இறக்கும்போது, எந்த வேகத்தில் ஏறியதோ அதே வேகத்தில் இறக்குவதுதான் முறை என்று எண்ணி, 1.08 ஆல் வகுத்தேன். பதினோரு அழுத்துக்குப் பிறகு சுத்தமாக 2,00,000 வந்தது. மேடம் சிரிக்காமல் சொன்னார்: "ஏறினது காலேஜோட வேகம். இறங்க வேண்டியது நம்ம பணத்தோட வேகம். கட்டணம் என்ன பண்ணும்னு ஒரு சதவீதம், நம்ம சேமிப்பு என்ன பண்ணும்னு இன்னொண்ணு. ரெண்டையும் கலக்காதே." 1.0744242 ஆல் வகுத்தபோது 2,11,718 கிடைத்தது. மூன்றாமாண்டு 2,12,817, நான்காமாண்டு 2,13,921. நான்கையும் இப்போது கூட்டலாம்: 8,49,081.

கட்டணம் ஏறும் வேகமும் சேமிப்பு ஈட்டும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால்தான் ஒவ்வோர் ஆண்டும் இன்றைய 2 லட்சத்துக்குச் சற்று மேலேயே நிற்கிறது. பத்தொன்பது லட்சம் என்று மிரட்டிய தொகைக்குள் உண்மையில் இருந்த சுமை இவ்வளவுதான். ஆனால் எட்டரை லட்சத்தை ஒரே தடவையாகப் போட அவரிடம் பணம் இல்லை. அதைத் தவணையாக்க வேண்டும். 120 ஆல் வகுக்கக் கையை எடுத்தேன். மேடம் கால்குலேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"மாசம் ஒரு ரூபாய் தர்றேன்னு ஒருத்தர் 120 மாசத்துக்கு வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்குக்கு இன்னைக்கு என்ன விலை?" என்றார். வெகுநேரம் யோசித்தேன். முதல் மாத முடிவில் வரும் ரூபாய்க்கு இன்றைய விலை 99.4 பைசா. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு. 120ஆவது மாதத்து ரூபாய் இன்று வெறும் 48.8 பைசாதான். எல்லாவற்றையும் கூட்டினால் 120 ரூபாய் வராது. 85 ரூபாய் 37 பைசாதான் வரும். கடைசி மாதத்து மதிப்பை 1இலிருந்து கழித்து, மாத வட்டியால் வகுத்தால் இதே எண் கிடைக்கிறது: 0.5122ஐ 0.006 ஆல் வகுக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தைக் கல்லூரியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது பிற்காலத்து ரூபாய்களின் இன்றைய விலையைக் கூட்டிய கூட்டுத்தொகை என்று அன்றுதான் தெரிந்தது.

மாதம் ஒரு ரூபாய் என்ற வாக்கு இன்று 85.37 பெறும் என்றால், 8,49,081 பெறுவதற்கு எத்தனை ரூபாய் வாக்கு வேண்டும்? வகுத்தேன். 9,946. கணினியில் சரிபார்க்கலாமா என்று கேட்டதற்கு மேடம் தலையசைத்தார்.

```
=PMT(0.006,120,-849081)
```

அதே 9,946 வந்தது. அதோடு முடிந்துவிட்டது என்று எழுந்தேன். மேடம் விடவில்லை. முதல் நாள் 6,667க்குச் செய்ததைப் போலவே இதையும் கடைசிக் கட்டணம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பத்தாண்டு முடிவில் சுமார் 17,40,600. முதல் கட்டணம் கட்டியபின் 13,08,800 மிச்சம். ஓராண்டு வட்டி, கட்டணம், மறுபடி வட்டி, கட்டணம். நான்காமாண்டுக் கட்டணத்தையும் கட்டியபோது சுமார் 64 ரூபாய்தான் குறைந்தது. அந்த 64 ரூபாயைப் பார்த்தபோது எனக்கு வந்த நிறைவு, பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை. இன்றுவரை எந்தத் தவணையையும் இப்படிக் கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் யாரிடமும் சொல்வதில்லை. கடைசி வரி பூஜ்யத்துக்கு அருகில் நிற்காவிட்டால், எங்கோ ஆண்டு வட்டியை மாத வட்டியாக எடுத்திருக்கிறோம், அல்லது தேதி ஒன்று தள்ளிப் போயிருக்கிறது.

கடைக்காரர் மறுநாள் வந்து 9,946 கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றார். தவணை பத்தாண்டோடு ஏன் நிற்க வேண்டும் என்று மேடம் என்னைக் கேட்டார். மகள் படிக்கும்போதும் கடை நடக்குமே. கடைசிக் கட்டணம் கட்டும்வரை, அதாவது 156 மாதம், போட்டால் ஒரு ரூபாய் வாக்கின் விலை 101.12 ஆகிறது, தவணை 8,397க்கு இறங்குகிறது. அதே எட்டரை லட்சம்தான், தூக்கும் தோள்கள் கூடியிருக்கின்றன.

பெண் குழந்தை என்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் முழுவதையும் போட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். அதன் வட்டி நாம் எடுத்துக்கொண்டதைவிட அதிகம். 2024 ஜனவரியில் 8.2 சதவீதம் ஆனது. நான் உடனே ஆமாம் சொல்லப் போனேன். மேடம் விதியை நினைவூட்டினார். கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டு கழித்துத்தான் முதிர்வு. எட்டு வயதில் தொடங்கினால் மகளுக்கு அப்போது 29 வயது. மேற்படிப்புக்காக இடையில் எடுக்கலாம் என்றாலும், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதிக்கு மேல் தர மாட்டார்கள். எங்கள் கணக்கோ 18 வயது முதல் 21 வயதுக்குள் மொத்தமும் கைக்கு வர வேண்டும் என்கிறது. தவணையில் ஒரு பகுதியை மட்டும் அதில் போட்டு, மற்றதைத் தேதிக்கு எடுக்க முடிகிற இடத்தில் வைக்கலாம் என்று முடிவாயிற்று.

வட்டியைப் பற்றி மேடம் கடைசியாக ஒன்று செய்யச் சொன்னார். மாதம் 0.6 என்பதற்குப் பதிலாக 0.5 என்று வைத்து முழுக் கணக்கையும் திரும்பப் போட்டேன். பத்தாண்டுத் தவணை 9,946இலிருந்து 10,815 ஆனது. மாதத்துக்குப் பத்தில் ஒரு சதவீதம் குறைந்ததற்கு 869 ரூபாய். இரண்டு எண்களையும் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தோம். எங்களிடம் இருப்பது ஒரு யூகம் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் மேடம் கண்டிப்பானவர்.

இப்போது அந்தத் தாளை நானே போடுகிறேன். வருபவர்களிடம் முதலில் கேட்பது, அவர்கள் நினைத்திருக்கும் கல்லூரியின் இந்த ஆண்டு ரசீது. படிப்புக் கட்டணம் மட்டுமல்லாமல் விடுதி, உணவு, பேருந்து எல்லாம் சேர்ந்தது. உங்கள் வீட்டிலும் பிள்ளை இருந்தால் அந்த ரசீதிலிருந்தே தொடங்குங்கள். ஜூன் மாதம் புதுக் கட்டணம் வந்ததும், அதுவரை சேர்ந்த தொகையை நிகழ்கால மதிப்பிலிருந்து கழித்துவிட்டு, மிச்ச மாதங்களுக்குத் தவணையை மறுபடி போடுங்கள்.